ஆளுக்கொரு வேலை கொடுத்தேன், ஆளுக்கொரு சேதி கொடுக்கவில்லை

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு தாள். எட்டாம் வகுப்பில் குழு வேலை நடந்துகொண்டிருந்தபோது ஒரு குழுவின் அருகில் நின்று, யார் பாடத்தைப் பற்றி வாய் திறந்தாலும் அவர் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டேன். பத்து நிமிடம். ஆறு பேர் கொண்ட குழு. கோடுகளை எண்ணிப் பார்த்தால் 31, 14, 4, 2, பூஜ்யம், பூஜ்யம். அந்த இரண்டு பூஜ்யங்களின் சட்டைப் பையிலும் நான் எழுதிக் கொடுத்த அட்டை குத்தியிருந்தது. ஒன்றில் ‘நேரம் பார்ப்பவர்’, மற்றதில் ‘ஊக்கப்படுத்துபவர்’.

கடலூர் முதுநகர்ப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். வகுப்பில் 36 பேர். மீனவர் குப்பத்துப் பிள்ளைகள் பாதி, சிப்காட்டில் வேலை செய்பவர்களின் பிள்ளைகள், வயல் வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள் மீதி. அந்த அட்டைகளைப் பயிற்சி ஒன்றில் பார்த்துவிட்டு வந்து, ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து வெட்டி ஒட்டினேன். தலைவர், எழுதுபவர், பேசுபவர், நேரம் பார்ப்பவர், பொருள் கொண்டுவருபவர், ஊக்கப்படுத்துபவர். ஆறு குழு, குழுவுக்கு ஆறு பேர். கணக்கு அழகாக இருந்தது.

நடந்தது என்னவென்றால், தலைவர் அட்டை எப்படியோ சுற்றிச் சுற்றி முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளையிடமே போய் நின்றது. எழுதுபவர் என்றால் கையெழுத்து நன்றாக இருக்கும் பெண்பிள்ளை. பொருள் கொண்டுவருபவர் கொண்டுவந்து வைத்துவிட்டால் அவர் வேலை முடிந்தது, அதற்கப்புறம் ஜன்னல். நேரம் பார்ப்பவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், பாடத்தைப் பார்க்கவில்லை. ஊக்கப்படுத்துபவர் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கே சரியாகத் தெரியாது, பாவம் அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

அந்தத் தாளை வீட்டில் வைத்துப் பார்த்தபோதுதான் ஒன்று உறைத்தது. இந்த ஆறு அட்டையையும் அப்படியே எடுத்துக்கொண்டு போய் சமூக அறிவியல் வகுப்பிலும் குத்தலாம், தமிழ் வகுப்பிலும் குத்தலாம். எந்தப் பாடத்துக்கும் பொருந்துகிறது என்றால் எந்தப் பாடமும் அதைக் கேட்கவில்லை என்றுதான் பொருள். பூஜ்யம் வாங்கிய பிள்ளை எழுந்து வெளியே போனாலும் சோதனை நிற்காமல் நடக்கும். நின்றுபோகும்படி ஒரு வேலை கொடுத்திருந்தால் குழுவே அவனைக் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்திருக்கும்.

அதனால் அடுத்த முறை பாடத்திலிருந்து வேலையைப் பிரித்தேன். எடுத்தது தனி ஊசல். நூலில் ஒரு நட்டைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுவது, 20 அலைவுக்கு எத்தனை விநாடி என்று பார்ப்பது, 20-ஆல் வகுத்து ஓர் அலைவுக்கு எவ்வளவு என்று சொல்வது. இதில் ஒரே சமயத்தில் நான்கு வேலை தானாகவே இருக்கிறது. ஒருவர் கோணம் பார்த்து நட்டை விட வேண்டும். ஒருவர் சத்தமாக எண்ண வேண்டும். ஒருவர் ஸ்டாப்வாட்ச். ஒருவர் குறித்துக்கொண்டு, முந்தைய அளவோடு ஒப்பிட்டு, ஒத்துவராவிட்டால் ‘மறுபடி’ என்று நிறுத்த வேண்டும். ஒருவர் குறைந்தால் வேலை நொண்டும். ஐந்தாவது ஆளுக்கு இடமே இல்லை. ஆறு பேர் குழுவில் இரண்டு பூஜ்யம் விழுந்ததில் பிள்ளைகளின் குற்றம் பாதிகூட இல்லை. நான்கு பேர் வேலைக்கு ஆறு பேரை நிறுத்தியது நான்தான்.

நால்வர் என்றால் ஒன்பது குழு, ஒன்பது கடிகாரம் வேண்டும். ஆய்வகத்தில் நான்கு ஸ்டாப்வாட்ச் இருந்தது, பி.இ.டி. சாரிடம் இரண்டு வாங்கினேன். மிச்சத்துக்கு மூன்று பிள்ளைகளின் கையிலிருந்த டிஜிட்டல் வாட்ச். திருவிழாக் கடையில் வாங்கியதுதான், ஆனால் ஸ்டாப்வாட்ச் உண்டு. தொங்கவிட வகுப்பு ஜன்னல் கம்பி நான்கு இடம், வராந்தா கிரில்லில் ஐந்து இடம். ஒரு எச்சரிக்கை: கடலோரத்தில் இருப்பவர்கள் இதைக் காலை முதல் இரண்டு பாடவேளைக்குள் முடித்துவிட வேண்டும். பதினொரு மணிக்கு மேல் கடல் காற்று ஏறிவிட்டால் ஊசல் நேராக ஆடாது, வட்டம் போடும். தமிழம்மாவிடம் கெஞ்சி அவர் பாடவேளையை மாற்றி வாங்கினேன்.

யாரை யாரோடு போடுவது என்பதிலும் இரண்டு சூடு பட்டிருக்கிறேன். வருகைப் பதிவேட்டு வரிசையில் நான்கு நான்காகப் பிரித்தால் எங்கள் பதிவேட்டில் பையன்கள் முதலில், பெண்கள் பிறகு என்பதால் கலப்பே வராது. ‘உங்களுக்குப் பிடித்தவர்களோடு சேருங்கள்’ என்றால் குப்பத்துப் பிள்ளைகள் ஒரு பக்கம், மற்றவர்கள் ஒரு பக்கம், கடைசியில் யாரும் கூப்பிடாத இரண்டு பேர் நடுவில் நிற்பார்கள். அந்த இரண்டு பேர் நின்ற அரை நிமிடத்துக்குப் பிறகு அந்த வழியை நான் தொட்டதில்லை. சின்ன வகுப்புகளில் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பிரிக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றுத்தர அது சரி, யாருக்கு எந்த இடத்தில் கை கொடுக்க வேண்டும் என்று தெரியும். ஆனால் ஒரு சோதனையைச் சேர்ந்து செய்து வாதாட வேண்டும் என்றால் அரும்பு எல்லாம் ஒரே இடத்தில் இருந்தால் அளவு தாள் காலியாக வரும். நான் இப்போது செய்வது: ஒரு குழுவில் முதல் நிலையும் கடைசி நிலையும் நேருக்கு நேர் இருக்கக் கூடாது, இடையில் நடுநிலையில் ஒருவராவது. மூன்று பையன்களுக்கு நடுவில் ஒற்றைப் பெண்பிள்ளையைப் போட மாட்டேன், எட்டாம் வகுப்பில் அவள் வாயைத் திறக்கவே மாட்டாள். இரண்டும் இரண்டும், இல்லையென்றால் நால்வரும் ஒரே பக்கம். ஒரு முறை போட்ட குழு ஆறு வாரம் மாறாது.

சோதனை ஓடியது. நூலின் நீளம் 100 செ.மீ. என்று மூன்று குழுவுக்குக் கொடுத்திருந்தேன். ஒரு குழு 40.1 என்றது, ஒரு குழு 40.3, மூன்றாவது குழு 38.1. மூன்றாவது குழுவின் பதிவாளர் தானாகவே ‘மறுபடி’ என்றாள். மறுபடியும் 38. அவர்கள் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். விடும் பையன் நட்டை விட்ட அதே கணத்தில் எண்ணுபவன் “ஒண்ணு” என்றான். அங்கேதான் இருக்கிறது கோளாறு. விடும்போது ‘பூஜ்யம்’ என்று சொல்லித் தொடங்க வேண்டும், போய்த் திரும்பி வந்த பிறகுதான் ஒன்று. அவர்கள் இருபது என்று நினைத்து எண்ணியது 19 அலைவு. விட்டுப்போன இரண்டு விநாடி சரியாக ஓர் அலைவின் நேரம். இதை நான் சொல்லவில்லை, பக்கத்துக் குழுவின் எண்ணுபவனை வரச்சொல்லி அவர்கள் அருகில் எண்ண வைத்தேன். இரண்டு குரலும் ஒன்று தள்ளி ஒன்று வந்தபோது அவர்களுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அன்று கோடு போட்ட தாளில் யாருக்கும் பூஜ்யம் இல்லை. தலைமையாசிரியரிடம்கூடக் காட்டினேன். மறுநாள் காலை அந்த மகிழ்ச்சி போய்விட்டது. நன்றாக எண்ணிய ஒரு பையனை எழுப்பி, “ஏம்பா இருபது அலைவு எண்ணினோம், ஒண்ணே ஒண்ணு எண்ணியிருந்தா போதாதா?” என்றேன். திருதிருவென்று விழித்தான். ஸ்டாப்வாட்ச் பிடித்த பெண்ணும் அப்படியே. விரலை அழுத்த ஆகும் தாமதம் கால் விநாடி இருக்கும், அது ஓர் அலைவில் விழுந்தால் பெரிய பிழை, இருபதில் பிரிந்துபோனால் ஒன்றுமில்லை என்பதைச் சொல்ல முடிந்தது பதிவாளர்களால் மட்டும். ஒன்பது பேர். மீதி 27 பேரின் கை வேலை செய்திருக்கிறது, வாய்கூட வேலை செய்திருக்கிறது, எண்ணியது எல்லாம் பேச்சு என்று நானும் கோடு போட்டிருக்கிறேன். யோசித்தது அந்த ஒன்பது பேர்தான்.

இதோடு சேர்த்து இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். எனக்கு இதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு. குப்பத்துப் பையன் ஒருவன், எழுத்துக் கூட்டித்தான் படிப்பான். எல்லாக் குழுவிலும் நூல் முடிச்சு வழுக்கி நீளம் மாறிக்கொண்டே இருந்தபோது அவன் கட்டிய முடிச்சு மட்டும் நின்றது. வலை கட்டும் வீட்டுப் பிள்ளை. அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டில் எலிசபெத் கோஹன் என்ற அம்மையார் குழு வேலையைப் பற்றி நிறைய ஆராய்ந்தவர். கெட்டிக்காரர் என்று பெயரெடுத்த பிள்ளைகள் குழுவில் அதிகம் பேசுகிறார்கள், அதிகம் பேசுகிறவர்கள் அதிகம் கற்கிறார்கள், ஆக இடைவெளி குழு வேலையாலேயே கூடிப்போகலாம் என்றார். அதற்கு அவர் சொன்ன மருந்துகளில் ஒன்று, பின்தங்கியதாக எண்ணப்படும் பிள்ளை உண்மையாகவே திறமையாக ஒன்றைச் செய்யும்போது, அது என்ன, வேலைக்கு எப்படி உதவுகிறது என்று எல்லோர் முன்னும் குறிப்பாகச் சொல்வது. நானும் சொன்னேன். “முடிச்சு வழுக்கினா நீளம் மாறும், நீளம் மாறினா நேரம் மாறும், இவன் முடிச்சாலதான் இந்தக் குழுவோட மூணு அளவும் ஒண்ணுபோல வந்திருக்கு, வந்து பாருங்க” என்றேன். வந்து பார்த்தார்கள். அவன் முகத்தில் அன்று இருந்த வெளிச்சத்தை நான் மறக்கவில்லை.

ஆனால் அடுத்த மூன்று வாரம் அவன் குழு அவனிடம் கொடுத்த ஒரே வேலை முடிச்சுப் போடுவது. நூல் இல்லாத சோதனையிலும் ஏதாவது கட்டச் சொன்னார்கள். நான் திறந்துவிட்டதாக நினைத்த கதவு பூட்டாக மாறிவிட்டது. அதிலிருந்து, ஒருவரின் கைத்திறனைப் பாராட்டினால் அதே பாடவேளையில் அவரை வேறு வேலைக்கு மாற்றிவிடுகிறேன். அவன் அடுத்த நீளத்துக்குப் பதிவாளர் ஆனான், எண்களை மட்டும்தானே எழுத வேண்டும். முடிச்சை அடுத்தவனுக்குச் சொல்லிக் கொடுத்தான். சொல்லிக் கொடுத்தபோது பேசினான். இனி வேலை மாற்றமும் கட்டாயம் என்று வைத்தேன். ஒவ்வோர் அளவுக்கும் இரண்டு தடவை சோதனை, அது முடிந்ததும் வலப்பக்கம் ஓர் இடம் நகர்வு. மூன்று அளவு என்றால் ஒரு பிள்ளை நான்கில் மூன்று வேலை பார்த்துவிடும். ஒவ்வொரு சோதனைக்கும் மாற்றினால் கை பழகாது, எண்ணிக்கை தப்பும். அதையும் செய்து பார்த்துவிட்டேன்.

கை மாறுவதால் தலை மாறிவிடாது என்பது மட்டும் அப்படியே இருந்தது. வேலையைப் பிரித்தது போதாது, தெரிந்ததைப் பிரிக்க வேண்டும். ஒருவருக்குத் தெரிந்தது மற்றவருக்குத் தெரியாமல் இருந்தால்தான் அவர் பேச வேண்டிய தேவை வரும். இது என் கண்டுபிடிப்பு இல்லை. 1971-ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டினில், அதுவரை தனித்தனியாகப் படித்த வெள்ளை, கறுப்பு, மெக்சிகப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தபோது சண்டையும் பகையுமாகக் கிடந்த வகுப்புகளுக்காக எலியட் ஆரன்சன் என்ற உளவியலாளரும் அவர் மாணவர்களும் செய்தது. பாடத்தைத் துண்டுகளாக்கி ஆளுக்கொரு துண்டு, மற்ற துண்டு வேண்டுமென்றால் அடுத்தவர் வாயிலிருந்துதான் வாங்க வேண்டும். நம் பி.எட். வகுப்பிலும் ஒரு பக்கத்தில் வரும். நான் அன்று அதைத் தேர்வுக்குப் படித்ததோடு சரி.

ஊசலுக்கு இது அச்சாகப் பொருந்தியது. நேரத்தை மாற்றுவது எது? நூலின் நீளமா, நட்டின் எடையா, விடும் கோணமா? மூன்று கேள்வி. ஒன்பது இடத்தில் மூன்று இடம் நீளத்துக்கு (25, 50, 100 செ.மீ.), மூன்று எடைக்கு (ஒரு நட்டு, இரண்டு, மூன்று), மூன்று கோணத்துக்கு (10, 15, 20 டிகிரி). எடைக்கும் கோணத்துக்கும் நீளம் 50 செ.மீ.யாகவே இருக்க வேண்டும். இப்படிச் செய்தால் 12 பேருக்கு நீளம் தெரியும், 12 பேருக்கு எடை, 12 பேருக்குக் கோணம். பிறகு கலைத்து 12 குழு, குழுவுக்கு மூவர், ஒவ்வொன்றிலும் நீளம் ஒருவர், எடை ஒருவர், கோணம் ஒருவர். 36 பேர் வகுப்புக்கு இது கடவுள் கொடுத்த கணக்கு.

கலைப்பதில்தான் நேரம் சாகும். முதல் தடவை ஏழு நிமிடம் போனது, இரண்டு பெஞ்சு சரிந்தது. இப்போது தொடக்கத்திலேயே சீட்டு கொடுத்துவிடுகிறேன். நீளம் 1 முதல் 12, எடை 1 முதல் 12, கோணம் 1 முதல் 12. கலையச் சொல்லும்போது தரையில் சாக்பீஸால் எழுதிய எண்ணுக்குப் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான். வராதவர்களை முதலிலேயே எண்ணிவிட வேண்டும். 34 பேர் என்றால் சீட்டை 11-ஓடு நிறுத்திவிட்டு, மிஞ்சும் ஒருவரை ஏதாவது ஓர் எண்ணில் இரண்டாவது ஆளாகச் சேர்ப்பேன். நடுவில் ஓர் எண்ணில் ஆள் இல்லாமல் போனால் அந்தக் குழுவுக்கு மூன்றில் ஒரு பங்கு பாடமே இல்லை. அவர்கள் பக்கத்துக் குழுவை எட்டிப் பார்க்கத் தொடங்குவார்கள்.

சோதனைக்கு முன் இரண்டு நிமிடம் யாரும் பேசக் கூடாது. மூன்று கேள்விக்கும் அவரவர் ஊகத்தை அவரவர் நோட்டில் எழுத வேண்டும். முதலில் பேசவிட்டால் கெட்டிக்காரப் பிள்ளை சொன்னது நான்கு நோட்டிலும் ஏறிவிடும். எழுதத் திணறுகிறவர்கள் ‘கூடும், குறையும், மாறாது’ என்பதற்கு அம்புக்குறி போட்டால் போதும். பெரும்பாலோர் எடை கூடினால் வேகமாகப் போகும் என்று போட்டிருந்தார்கள்.

முதல் தடவை நான் செய்த தப்பு, எனக்கு மட்டும் தெரிந்த தப்பு, கரும்பலகையில். ஒவ்வொரு இடத்திலிருந்தும் அளவு வர வர உற்சாகத்தில் அட்டவணை போட்டு எழுதிவிட்டேன். பிறகு மூவர் மூவராகக் கலைந்து உட்கார்ந்தால் ஒருவரும் பேசவில்லை. மூன்று பேரும் கழுத்தைத் திருப்பிப் போர்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தார்கள். எல்லாச் சேதியும் போர்டில் இருக்கும்போது பக்கத்தில் இருப்பவனிடம் எதற்குக் கேட்க வேண்டும்? அதற்காக ஒப்பிடாமலும் விட முடியாது. எடை இடங்களில் ஒன்றில் மூன்று நட்டை ஒன்றின் கீழ் ஒன்றாகக் கோத்துத் தொங்கவிட்டார்கள். இரண்டு இடத்தில் மூன்று அளவும் 28.4, 28.5 என்று நிற்க, இவர்களுக்கு மட்டும் 28.4, 28.7, 29.1 என்று ஏறியது. எடை கூடினால் மெதுவாகும் என்று முடிவே கட்டிவிட்டார்கள். கீழே கீழே கோத்ததில் எடையின் நடு கீழிறங்கி, நீளம்தான் கூடியிருக்கிறது. மூன்று நட்டையும் ஒரே முடிச்சில் பக்கவாட்டில் கட்ட வேண்டும். இதைச் சரிசெய்யாமல் அந்த நால்வரை நான்கு குழுவுக்கு அனுப்பினால் நான்கு குழுவுக்கும் பொய்ச் சேதி போகும். அதனால் இப்போது ஒரே கேள்வியைப் பார்த்த மூன்று இடமும் தங்கள் தாள்களோடு ஒரு மூலையில் கூடும், பன்னிரண்டு பேர், ஐந்து நிமிடம். அளவுகள் ஒத்துவராவிட்டால் ஏன் என்று பார்த்துவிட்டு, ‘நாம் போய்ச் சொல்லப்போகும் ஒரே வரி என்ன’ என்று முடிவு செய்ய வேண்டும். போர்டில் ஒன்றும் கிடையாது.

அந்த மூலைக் கூட்டத்தில்தான் எதிர்பாராத ஒரு சிக்கலைப் பார்த்தேன். நீளம் பார்த்தவர்கள் குதித்துக்கொண்டிருந்தார்கள். 25-க்கு 20 விநாடி, 100-க்கு 40, நீளம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்கு என்று ஒரு பெண் கண்டுபிடித்துவிட்டாள். எடையும் கோணமும் பார்த்தவர்கள் தொங்கிய முகத்தோடு நின்றார்கள். “எங்களுக்கு ஒண்ணுமே வரல டீச்சர்” என்றாள் ஒருத்தி. மாறவில்லை என்பதை வரவில்லை என்று நினைத்திருக்கிறாள். ஒரு கோணத் தாளில் 28.4-ஐ அழித்து 27.6 என்று எழுதியிருந்தது. கையில் வித்தியாசம் இல்லாமல் குழுவுக்குப் போகக் கூச்சம். திட்டவில்லை. ஆனால் புரிந்தது, நான் சேதியைச் சமமாகப் பிரிக்கவில்லை. ஒருவனுக்குப் பலகாரம், இரண்டு பேருக்கு வெறும் இலை.

எனவே கடைசிக் கேள்வியை மாற்றினேன். ‘எது நேரத்தை மாற்றும்’ என்று கேட்டால் நீளம் பார்த்தவர் ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார். மாறாக மூவருக்கும் இப்படிக் கொடுத்தேன்: “50 செ.மீ. ஊசல் ஒன்று இருக்கிறது. ஓர் அலைவுக்கு 1.42 விநாடி. அதைச் சரியாக 1.5 விநாடி ஆக்க வேண்டும். கையில் நூலும் மூன்று நட்டும் பாகைமானியும். எதைத் தொடுவீர்கள், எதைத் தொட்டுப் பயனில்லை, அளவைக் காட்டிச் சொல்லுங்கள்.” இப்போது நட்டைச் சேர்க்கலாமே என்று நீளக்காரர் சொன்னால் எடைக்காரர் தன் தாளைக் காட்டித் தடுக்க வேண்டும். மாறவில்லை என்பதே அவர் கையில் உள்ள ஆயுதம். பதில் சொல்ல எழுப்பும்போதும் ஒரு விதி: அவரவர் பார்த்ததைச் சொல்லக் கூடாது, அடுத்தவர் பார்த்ததைத்தான் சொல்ல வேண்டும். எடைக்காரர் எழுந்தால் கோணத்தைப் பற்றிச் சொல்வார். யாரை எழுப்புவேன் என்று கடைசி வரை தெரியாது. இந்த ஒரு விதி வந்த பிறகு மூவர் குழுக்களில் “இரு, இன்னொரு தடவ சொல்லு” என்ற குரல் கேட்கத் தொடங்கியது. அன்று ஒரு குழுவுக்குப் போட்ட கோடு 17, 12, 9. இந்தத் தடவை எண்ணுவதை எல்லாம் கணக்கில் சேர்க்கவில்லை.

இதை வாரா வாரம் செய்ய முடியாது. இரண்டு பாடவேளை முழுசாக வேண்டும், சத்தம் வராந்தா தாண்டும், பாடத்திட்டம் பின்தங்கும். வருடத்துக்கு நான்கு பாடம் செய்கிறேன். இரண்டு மூன்று துண்டாக நேர்த்தியாகப் பிரியாத பாடத்தில் வலிந்து செய்தால் ஒருவர் துண்டு மற்றவர் துண்டு இல்லாமல் புரியாது, மூவரும் முழிப்பார்கள். ஒளிச்சேர்க்கையில் அப்படி ஒரு முறை முட்டிக்கொண்டேன். மற்ற நாள்களில் பக்கத்தில் இருப்பவரோடு இரண்டு நிமிடப் பேச்சு, அதோடு சரி.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன். பெரும்பாலான குழுக்கள் 50-க்கு 1.42, 100-க்கு 2, ஆகவே ஐம்பதுக்குக் கொஞ்சம் மேலே என்று பேசி 55, 56, 58 என்றார்கள். 56 சரி. ஏழாவது எண்ணில் மட்டும் கோணக்காரப் பையன் எழுந்து, விதியை மீறி, நூலைத் தொடவே வேண்டாம் டீச்சர், 60 டிகிரியிலிருந்து விட்டால் போதும் என்றான். எனக்குச் சுருக்கென்றது. கோணம் மாற்றாது என்று பன்னிரண்டு பேரும் சேர்ந்து முடிவு செய்த பிறகு இவன் ஏன் இப்படிச் சொல்கிறான்? உட்கார் என்று சொல்ல வாய் வந்துவிட்டது. அவன் தாளைப் பார்த்தேன். நான் சொன்ன 20-ஐத் தாண்டி, விளையாட்டுக்கு 60 டிகிரியிலும் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். 30.0 என்று எழுதி, கூட்டத்தில் மற்றவர்கள் ‘தப்பு’ என்றதால் அடித்திருந்தார்கள்.

தப்பில்லை. கோணம் நேரத்தை மாற்றாது என்பது சின்னக் கோணத்துக்கு மட்டும்தான். 20 டிகிரியில் வித்தியாசம் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது, நம் விரலின் தாமதத்துக்குள் மறைந்துவிடும். 60 டிகிரியில் நூற்றுக்கு ஏழு வரை போகும். ஆட ஆட வீச்சு குறைவதால் இவர்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவாக வந்திருக்கிறது. என்னிடம் சரியான விடை என்று இருந்தது அரை விடை.

அவன் குழுவின் நீளக்காரப் பெண் விடவில்லை. “முதல் இருபதுக்குத்தான் டீச்சர் 30 வரும். அப்புறம் ஆட்டம் சின்னதாயிடுமே, அப்ப?” என்றாள். இருவரையும் ஜன்னலுக்கு அனுப்பினேன். எடைக்காரன் எண்ணினான். மொத்த வகுப்பும் அவர்கள் பின்னால் நின்றது. முதல் இருபது 30. நிறுத்தாமல் அடுத்த இருபது 29.1. மூன்றாவது இருபதைத் தொடங்கும்போது மணி பதினொன்றைத் தாண்டியிருந்தது. துறைமுகப் பக்கமிருந்து காற்று வந்து ஊசல் வட்டம் போட ஆரம்பித்துவிட்டது.